எவ்ரிடே பலகையை விடுங்கள், பொத்தானைப் பாருங்கள்

பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக் வாசலில் 'ஓப்பன் எவ்ரிடே' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிய பலகை. அதை ஒருவர் படம் எடுத்து எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். 'எவ்ரி டே இரண்டு வார்த்தைன்னு ஆறாங்கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்தாங்களே' என்று ஒருத்தன். 'டாக்டருக்குப் படிச்சவருக்கே இந்த கதி' என்று இன்னொருத்தன். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்று சிரித்தவன்தான், அதனால் கோபப்பட எனக்கு அருகதை குறைவு. ஆனாலும் கோபம் வருகிறது. அந்தப் பலகையால் யாருக்கு என்ன நஷ்டம்? பல்வலியோடு வந்த எவராவது 'எவ்ரிடே' ஒரே சொல்லாக இருப்பதைப் பார்த்து, இது அடைமொழி ஆயிற்றே, இந்தக் கிளினிக் தினமும் திறந்திருக்காதோ என்று குழம்பித் திரும்பிப் போனாரா?

இடைவெளி முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் உயிரை எடுக்கிற அளவுக்கு முக்கியம். ஆனால் நம் ஆட்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்த இடங்களுக்கு அல்ல. இடைவெளி போனால் ஒன்றுமே ஆகாத இடங்களில்தான் ஊர்வலம் நடக்கிறது. இடைவெளி போனதால் ஒரு கடையின் எட்டு மாதக் கணக்கு போன கதை எனக்குத் தெரியும். அதில் இடைவெளியை அழித்தவன் நான்.

படிப்பு முடித்த கையோடு கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிற இடம். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு பொத்தானுக்கு `Back up` என்று எழுதியிருந்தார். அதை அழுத்தினால் தரவு முழுவதும் ஒரு பென் டிரைவில் நகலாகும். எடுத்த நகல்களைப் பட்டியலிடும் பக்கத்தின் தலைப்பு `Backup`. நான் புதுசு. வளாக நேர்காணல் பயிற்சியில் கொடுத்த 'அடிக்கடி குழப்பும் சொற்கள்' தாளை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்த நேரம். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியிருக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டையும் `Backup` ஆக்கி, சீர்மைக்காக மாற்றியது என்று குறிப்பும் எழுதி உள்ளே தள்ளினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. சீர்மை என்ற சொல்லுக்கு எங்கள் துறையில் அப்படி ஒரு மரியாதை.

அடுத்த மாதம் தமிழாக்கம் நடந்தது. மொழிபெயர்ப்பாளருக்குத் திரைகளைக் காட்டுகிற வழக்கம் கிடையாது, சொற்பட்டியல் மட்டும்தான் போகும். நான் செய்த மாற்றத்துக்கு முன்னால் போயிருந்தால் பட்டியலில் இரண்டு வரிகள் இருந்திருக்கும், ஏறக்குறைய இப்படி:

```
msgid "Back up"
msgstr "காப்பு நகல் எடு"

msgid "Backup"
msgstr "காப்பு நகல்"
```

நான் புண்ணியம் கட்டிக்கொண்டதால் ஒரு வரிதான் போனது. கெட்டெக்ஸ்ட் என்கிற மொழிபெயர்ப்பு அமைப்பில் ஆங்கில வாக்கியமே சாவி. ஆங்கிலம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மொழிபெயர்ப்பும் ஒன்றுதான். `msgctxt` என்று சூழலைத் தனியாகச் சொல்ல ஒரு வசதி உண்டு, அதை அப்போது எங்களில் யாரும் பயன்படுத்தவில்லை. அவர் பார்த்தது பெயர்ச்சொல். 'காப்பு நகல்' என்று எழுதிக் கொடுத்தார். அவர் செய்தது முழுக்கச் சரி. அந்தப் 'காப்பு நகல்' பட்டியலின் தலைப்பிலும் உட்கார்ந்தது, பொத்தானிலும் உட்கார்ந்தது.

பெயிண்ட் கடை வைத்திருந்த ஒரு அக்கா அந்த மென்பொருளை வாங்கினார். எட்டு மாதம் கழித்து வன்தட்டு போயிற்று. பில்லெல்லாம் போகட்டும், பெயிண்டர்களுக்குக் கடனாகக் கொடுத்த சரக்கின் கணக்கும் அதில்தான் இருந்தது. நகல் எடுத்த பென் டிரைவைக் கொடுங்கள் என்று கேட்க நான்தான் போனேன்.

"என்ன நகல் தம்பி?"

"காப்பு நகலுங்க்கா. வாரா வாரம் அந்தப் பொத்தானை அமுக்கச் சொல்லியிருப்பாங்களே."

"அதுல காப்பு நகல்னு எழுதியிருந்துச்சுங்க தம்பி. அப்ப நகல் இருக்குதுன்னுதானே அர்த்தம்? எடுக்கோணும்னு எங்க எழுதியிருக்குது?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. இருந்ததை அழித்தவன் எதிரே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பயிற்சி கொடுக்கப் போனவர் சொல்லியிருக்க வேண்டும், எச்சரிக்கை ஒன்று வந்திருக்க வேண்டும், எல்லாம் நியாயம்தான். அவ்வளவும் தவறிப்போன பிறகும் கடைசியாக ஒரு தடுப்பு மிச்சம் இருந்தது: திரையில் வினையாக நின்ற ஒரு சொல். அதை நான் பெயர்ச்சொல் ஆக்கியிருந்தேன். பெயிண்டர்களில் சிலர் நேர்மையாக வந்து பாக்கியைச் சொன்னார்கள். சிலர் அந்தப் பக்கமே வரவில்லை.

இதை வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பற்றிப் பேசுகிறேன். எவ்ரிடே, எவ்ரி டே. எனிடைம், எனி டைம். மேபி, மே பி. செட்டப், செட் அப். ஆல்ரைட், ஆல் ரைட். அண்டர்வே, அண்டர் வே. ஐம்பது ஜோடி, இரண்டு பத்தி, எதிரே ஒரு வரி விளக்கம். இந்தத் தாளின் குற்றம் இதில் தவறு இருப்பது அல்ல. மூன்று வேறு வேறு சாமான்களை ஒரே மூட்டையில் கட்டித் தருவதுதான். எதில் இடைவெளி இலக்கணம், எதில் வரலாறு, எதில் வெறும் வழக்கம் என்று அது சொல்வதில்லை. மனப்பாடம் செய்தவனுக்கு எல்லாமே சம எடையுள்ள தவறுகளாகத் தெரிகின்றன. பிறகு கிளினிக் பலகையைப் பார்த்துச் சிரிப்பான், `Back up` என்பதை அழிப்பான்.

முதலில் வழக்கம் மட்டுமே உள்ளதைச் சொல்லி ஓரமாக வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் கொஞ்ச காலம் இணைப்புக்கோட்டோடு திரியும். இன்றைக்கு ஒரே சொல்லாக எழுதும் டுடே, டுமாரோ இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கோடு போட்டே பரவலாக அச்சானவை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2010 வரை 'வெப் சைட்' என்று பிரித்து எழுதச் சொன்னது, அந்த வருடம் ஒன்றாக்கியது. மறு வருடம் ஈமெயிலில் இருந்த கோட்டை எடுத்தது. 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களின் இணைப்புக்கோட்டை நீக்கியது. சிலவற்றை ஒட்டியது, சிலவற்றைப் பிரித்தது. 'ஐஸ் க்ரீம்' இரண்டாகப் பிரிந்தது, 'பம்பிள்பீ' என்ற வண்டு ஒன்றாக ஒட்டியது. இதில் என்ன தத்துவம்? ஒன்றுமில்லை. மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து அகராதிக்காரர்கள் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நோபடி, நத்திங், நோவேர் மூன்றும் ஒரே சொல். 'நோ ஒன்' மட்டும் இன்றுவரை இரண்டு. இலக்கணத்தில் அதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. ஒட்டி எழுதினால் நடுவில் இரண்டு ஓ அடுத்தடுத்து வந்து, மதியத்தைக் குறிக்கும் 'நூன்' என்ற சொல்லுக்கு வால் முளைத்த மாதிரி கண்ணை உறுத்துகிறது. எனிமோர் விஷயத்தில் அமெரிக்கர்கள் ஒட்டுவார்கள், பிரிட்டிஷ் வழக்கம் பிரித்து எழுதுவது. எனிடைம் ஏறக்குறைய அதே கதை. 'எப்போது வேண்டுமானாலும் வா' என்ற பொருளில் அமெரிக்கர் ஒன்றாக எழுதினால் அவருடைய அகராதி அவர் பக்கம் நிற்கும். இந்த மூட்டையில் இருப்பதற்கெல்லாம் சண்டை போடுகிறவர், எந்த ஊர் அகராதி, எந்த வருடப் பதிப்பு என்று முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடட்டும்.

ஆனால் எனிடைமுக்குள்ளேயே ஒரு இடத்தில் விஷயம் மாறுகிறது. 'எனக்கு நேரமே இல்லை' என்று சொல்லும்போது வருகிற 'எனி டைம்' எந்த ஊரிலும் இரண்டு சொல்தான். ஏனென்றால் அங்கே டைம் என்பது அளந்து சொல்லக்கூடிய நேரம், தனிப் பெயர்ச்சொல். 'அட் எனி டைம்' என்று முன்னால் அட் வந்தாலும் இரண்டுதான். அட் என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வேண்டும், ஒட்டிப்போன எனிடைம் வினையடை ஆகிவிட்டது, அதனால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. இங்கே இடைவெளி வேலை செய்கிறது. ஒரே ஜோடியில் பாதி வழக்கம், பாதி இலக்கணம். தாளில் இதற்கு ஒரு வரி.

இடைவெளி உண்மையில் என்ன செய்கிறது? தமிழை வைத்துச் சொன்னால் எனக்குச் சுலபமாகப் பிடிபடுகிறது. 'ராமு டீ போட்டுக் கொடுத்தான்.' 'ராமு மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தான்.' முதலாவதில் ராமு இரண்டு காரியம் செய்கிறான், போடுகிறான், பிறகு கொடுக்கிறான். நடுவில் வேறொன்றை நுழைக்கலாம்: 'டீ போட்டு, ஆற்றி, கொடுத்தான்.' இரண்டாவதில் ஒரே காரியம்தான், கோள் சொல்வது. 'மேனேஜரிடம் போட்டு, ஆற்றி, கொடுத்தான்' என்றால் சிரிப்பார்கள். நடுவில் ஆள் நுழைய இடம் இருந்தால் இரண்டு சொல், இல்லாவிட்டால் ஒன்று. அச்சில் நாம் இதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு சோகம். கிளினிக் பலகைக்குச் சிரித்த அதே நண்பர் 'வந்து விட்டேன்' என்று பிரித்துத்தான் எழுதுகிறார்.

எவ்ரி டேக்கு இதே சோதனை ஓடும். நடுவில் 'சிங்கிள்' என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். 'நான் எவ்ரி சிங்கிள் டே நடக்கிறேன்' சரியாக நிற்கிறது, ஆகவே இரண்டு சொல். 'எவ்ரிடே ஷூஸ்' என்பதில் நுழைத்தால் வாக்கியம் விழுந்துவிடும், ஆகவே ஒன்று. இன்னும் சுருக்கமான சோதனை தமிழிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் 'தினமும்' வைத்துச் சரியாக வந்தால் பிரித்து எழுதுங்கள், 'அன்றாட' வைத்துச் சரியாக வந்தால் சேர்த்து எழுதுங்கள். 'தினசரி' வைத்துப் பார்க்கக் கூடாது. நம் பேச்சில் அது இரண்டு வேலையும் பார்க்கும், சோதனை கெட்டுவிடும். மேபிக்கும் இதே மாதிரிதான். 'ஒருவேளை' வந்தால் சேரும். 'இருக்கலாம்' வந்தால் பிரியும்.

ஏன் இந்தச் சுற்றுவழி, காதால் கேட்டாலே தெரியுமே என்று ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மை, ஆனால் நமக்கு உதவாத உண்மை. ஆங்கிலத்தில் ஒட்டிய சொல்லுக்குப் பொதுவாக முதல் பாதியில் அழுத்தம் விழும், பிரிந்து நின்றால் அழுத்தம் பின்னால் போகும். பெயர்ச்சொல் செட்டப்பில் 'செட்' ஓங்கி ஒலிக்கும், வினையான செட் அப்பில் 'அப்' ஓங்கும். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடமான கிரீன்ஹவுஸையும் பச்சை பெயிண்ட் அடித்த கிரீன் ஹவுஸையும் அவர்கள் காது பிரிப்பது இந்த அழுத்தத்தால்தான். தமிழில் சொல்லுக்குச் சொல் பொருளை மாற்றும் அழுத்தம் கிடையாது. நாம் ஆங்கிலத்தைப் பேசும்போது பெரும்பாலும் அசைகளைச் சமமாக உருட்டிவிடுகிறோம், அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்குக் காது செய்கிற வேலையை நமக்கு வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதனால்தான் நுழைத்துப் பார்ப்பது, தமிழில் மாற்றிப் பார்ப்பது. காது உள்ளவர்களே எவ்ரிடேயில் தவறுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடை வாசல்களிலும் இதே 'ஓப்பன் எவ்ரிடே' தொங்குகிறது. இது நம் ஊர் ஆங்கிலத்தின் அவலட்சணம் அல்ல.

என் துறைக்கு மிகவும் தேவைப்படும் சோதனை இன்னொன்று. சொல்லை இறந்தகாலத்துக்குத் தள்ளிப் பார்ப்பது. `log in` இறந்தகாலத்தில் `logged in` ஆகிறது. காலம் காட்டும் விகுதி நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது பாருங்கள். நடுவில் விகுதி உட்கார முடிகிற சொல் ஒரே சொல்லாக இருக்க முடியாது. `logined` என்று யாரும் எழுதுவதில்லை. `backed up`, `setting up` எல்லாம் இப்படித்தான். பெயர்ச்சொல்லாகும்போது பன்மை விகுதி கடைசியில் ஒட்டும்: `logins`, `backups`. இதற்கு அகராதி வேண்டாம், காது வேண்டாம், எந்த வருடப் பதிப்பு என்றும் பார்க்க வேண்டாம். எல்லா ஊரிலும் செல்லும்.

இந்த இலக்கணத்தைக் கணினி எவ்வளவு கறாராக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். நிரலில் பெயர்களுக்கு நடுவில் இடைவெளி விட முடியாது. அதனால் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவார்கள். அந்தப் பெரிய எழுத்துதான் அங்கே இடைவெளி. பைத்தானில் `unittest` என்று சோதனைகள் எழுதும் ஒரு தொகுதி உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் களத்தைத் தயார் செய்யும் செயற்கூறுக்கு அதில் `setUp` என்று பெயர். தயார் செய், வினை, இரண்டு சொல், ஆகவே பெரிய U. அதே பைத்தானில் ஒரு தொகுப்பை நிறுவுவதற்கான கோப்பின் பெயர் `setup.py`. அமைப்பு, பெயர்ச்சொல், ஒரே சொல், ஆகவே சின்ன u. இதைப் புரிந்துகொள்ளாத ஒருவர் இப்படி எழுதுகிறார்:

```python
class BillTest(unittest.TestCase):
    def setup(self):
        clear_bills()

    def test_save_bill(self):
        save_bill(500)
        self.assertTrue(has_bill(500))
```

பிழைச் செய்தி எதுவும் வராது. `unittest` தேடுவது `setUp` என்ற பெயரை. அது இந்த வகுப்பில் இல்லாததால் தாய் வகுப்பில் இருக்கும், ஒன்றும் செய்யாத `setUp` ஓடும். இவர் எழுதிய `setup` யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி ஓரமாக நிற்கும். பழைய பில்கள் அழியாது. முந்தைய ஓட்டத்தில் சேமித்த ஐந்நூறு ரூபாய் பில் தரவுத்தளத்திலேயே கிடந்தால், இன்றைக்கு `save_bill` எதையும் சேமிக்காமல் சத்தமில்லாமல் திரும்பி வந்தாலும் சோதனை 'பாஸ்' என்று பச்சை காட்டும். சிவப்பு காட்டினால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பச்சை காட்டுகிற தவறை யார் தேடுவார்கள்? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்தச் செயற்கூறுக்குள் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பச்சை வந்தால் அதை யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்துவிடும்.

நிரலாளர்கள் எல்லோரும் இதில் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஜாவாவில் `Hashtable` ஒரே சொல், அதற்குப் பின்னால் வந்த `HashMap` இரண்டு சொல். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பெயரிடல் விதிகளில் `Callback` ஒரே சொல், `FileName` இரண்டு சொல் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். இவையெல்லாம் வழக்கத்தின் மூட்டை. பார்த்து எழுத வேண்டியதுதான், பொருள் மாறுவதில்லை. `setUp` அந்த மூட்டையில் சேராது.

சூழலைப் பார்த்தால் பொருள் புரிந்துவிடாதா, இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. என் மீது பரிவாகப் பேசுவதாக நினைத்து இதைச் சொல்பவர்கள்தான் அதிகம். வாக்கியத்தில் அவர்கள் சொல்வது சரி. கிளினிக் பலகையில் 'ஓப்பன்' என்ற சொல் பக்கத்தில் நின்று எவ்ரிடேயைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. மின்னஞ்சலில் முன்னும் பின்னும் பத்துச் சொற்கள் இருக்கின்றன, ஒன்று சறுக்கினால் மற்றவை தூக்கிவிடும். பொத்தானில் யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு சொல். அது பெயரா வினையா, ஏற்கெனவே இருக்கிற பொருளைச் சொல்கிறதா, செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறதா என்று சொல்ல அந்த ஒரு இடைவெளியை விட்டால் நாதி இல்லை. சொற்கள் குறையக் குறைய இடைவெளியின் சுமை கூடுகிறது. நம் இலக்கணப் போலீஸ் இதை நேர் தலைகீழாகச் செய்கிறது. நீண்ட கடிதத்தில் சுற்றிலும் காவல் உள்ள எவ்ரிடேயைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடும். பொத்தானில் தனியாக நிற்கும் `Login` அதன் கண்ணில் படாது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு `Login` பொத்தானும் தொல்லை தராது, உண்மைதான். பழகிவிட்டார்கள். பொத்தானின் வடிவமே அழுத்து என்று சொல்லிவிடுகிறது. தொல்லை அடுத்த மொழிக்குப் போகும்போதுதான் வருகிறது. தமிழில் 'உள்நுழை' வேறு, 'உள்நுழைவு' வேறு. ஆங்கிலம் தன் இடைவெளியில் வைத்திருந்த வித்தியாசத்தை நாம் விகுதியில் வைத்திருக்கிறோம். அங்கே இடைவெளி தொலைந்தால் இங்கே எந்த விகுதி என்பது ஊகம் ஆகிவிடுகிறது. தமிழில் வரும் செயலிகளில் பாதிப் பொத்தான்கள் ஏன் பெயர்ப்பலகை மாதிரி இருக்கின்றன என்று எரிச்சல்பட்டிருப்பீர்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியவில்லை என்று திட்டியும் இருப்பீர்கள். அவர் கைக்கு வந்த ஆங்கிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

இடைவெளியை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி நெருக்கி வைத்தால் `BACK UP` நடுவில் இருக்கிற சந்து கண்ணுக்கே தெரியாது. அவசரமாகப் படிக்கிற மொழிபெயர்ப்பாளரும் தவற விடலாம். `msgctxt` எழுதலாம், எழுதத்தான் வேண்டும். அதைவிட மலிவான வழி, வினைக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை நிறுத்திவிடுவது. `Back up now` என்று எழுதினால் அதை எந்த மொழியிலும் பெயர்ச்சொல்லாக மொழிபெயர்க்க முடியாது, 'இப்போது' என்ற சொல் விடாது. அது போக, என்னைப் போல ஒருவன் வந்து இடைவெளியை அழித்தாலும் `Backup now` என்று பிசகாகத் தெரியும், பொருள் தப்பித்துவிடும்.

அந்தப் பெயிண்ட் கடை மென்பொருளில் பொத்தானை 'காப்பு நகல் எடு' என்று மாற்றினோம். கீழே சின்ன எழுத்தில் 'கடைசியாக எடுத்த நாள்' என்று ஒரு வரி, முப்பது நாள் தாண்டினால் அது சிவப்பாகும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இத முன்னாலயே எழுதியிருக்கலாமுங்க தம்பி" என்றார். நான் செய்ததை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் நான் எழுதுகிற பொத்தான்களில் எல்லாம் `now` இருக்கும், அல்லது என்ன பொருள் என்று ஒரு சொல் இருக்கும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி `Back up now` என்ற வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறான்: மற்ற திரைகளில் `Backup` என்றுதானே இருக்கிறது, சீர்மைக்காக மாற்றிவிடலாமா என்று. குழுவில் இரண்டு பேர் அதற்குக் கட்டை விரலும் காட்டியிருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளமாகிவிட்டது.